"டீச்சருக்கு எழுதுங்க"

போன மாதம் ஒரு நாள் மஃரிபுக்குப் பிறகு பக்கத்து வீட்டு ராத்தா ஒரு சீ.ஆர். கொப்பித் தாளோடு வந்தா. தாளின் மேல் மூலையில் பென்சிலால் "டீச்சருக்கு எழுதுங்க" என்று மட்டும் இருந்தது. எழுதியவர் தரம் 4 படிக்கும் அவவின் மகன்.

"இதத்தான் தந்தான் தங்கச்சி. வேற ஒண்டும் சொல்றானில்ல. ஸ்கூலுக்குப் போக மாட்டேன் எண்டு அழுறான். பொடியன்மாரு ஏதோ செய்றானுகள் போல. நீங்க டீச்சர்தானே, ஒரு கடிதம் எழுதித் தாங்க."

நானும் உடனே எழுதினேன். "எனது மகன் சக மாணவர்களால் தொடர்ந்து துன்புறுத்தப்பட்டு வருகின்றார். தாங்கள் தகுந்த நடவடிக்கை எடுக்குமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கின்றேன்." நல்ல தமிழ், பிழை இல்லை. ராத்தாவும் சந்தோசப்பட்டா.

வாசித்துப் பார்த்தபோது எனக்கு வேறொரு கடிதம் ஞாபகம் வந்தது. சில வருடங்களுக்கு முன் இதே மாதிரி இரண்டு வரி எனக்கே வந்தது. யார், எங்கே, எப்போது என்று அதில் எதுவும் இல்லை. நான் என்ன செய்தேன்? வகுப்பின் நடுவில் அந்தப் பிள்ளையை எழுப்பி, "உங்களுக்கு யார் கரைச்சல் குடுக்கிற?" என்று கேட்டேன். நாற்பது பேர் திரும்பிப் பார்த்தார்கள். பிள்ளை "ஒருத்தருமில்ல டீச்சர்" என்றது. விசாரித்துவிட்டேன் என்று நான் நிம்மதியாக இருந்துவிட்டேன். அன்று இடைவேளையில் அந்தப் பிள்ளைக்கு என்ன நடந்திருக்கும் என்று யோசிக்கவே இல்லை. அடுத்த தவணையில் அந்தப் பிள்ளை வேறு பாடசாலைக்குப் போய்விட்டது.

அதனால் ராத்தாவின் கையிலிருந்த கடிதத்தைத் திருப்பி வாங்கிக் கிழித்தேன். "மகனக் கூட்டிட்டு வாங்க, முதல்ல அவரோட கதைப்பம்" என்றேன்.

"யார் அடிச்ச?" என்று கேட்டால் பிள்ளைகள் வாயை மூடிக்கொள்வார்கள், அல்லது நாம் சொல்லும் பெயருக்கெல்லாம் தலையாட்டுவார்கள். அதனால் ஒரு தாளைக் கொடுத்துப் பாடசாலையை வரையச் சொன்னேன். கேட்டிலிருந்து தொடங்கினார். வகுப்பு, அதிபர் காரியாலயம், பைப்படி, விளையாட்டிடம் எல்லாம் வந்தது. மலசலகூடத்தை மட்டும் வரையவில்லை. "பாத்ரூம் எங்க மகன்?" என்றேன். தாளின் ஓரத்தில் சின்னதாக ஒரு பெட்டி போட்டு, "நான் அங்க போறல்ல" என்றார்.

ராத்தாவின் முகம் மாறியது. "ஓம் தங்கச்சி, தண்ணிப் போத்தல் ஒவ்வொரு நாளும் நிறைஞ்சபடியே வருது. நான் ஏசினேனே!" பகல் வீட்டுக்கு வந்ததும் சப்பாத்தைக் கழற்றாமல் பாத்ரூமுக்குத்தான் ஓடுவாராம்.

மெல்ல மெல்ல வந்தது. இடைவேளையில் மூன்று பேர் கதவை வெளியிலிருந்து பிடித்துக்கொள்வார்களாம். "உன்ட பேரத் திக்காமச் சொன்னாத்தான் விடுவம்" என்பார்களாம். அவருக்குக் கொஞ்சம் திக்குவாய். வகுப்பில் வாசிக்க எழும்பினாலும் பின்வாங்கில் இருந்து அந்த மூவரும் எத்தனை தரம் திக்குது என்று விரல் விட்டு எண்ணுவார்களாம்.

இப்போதுதான் எழுத விஷயம் இருந்தது. ராத்தா சொல்லச் சொல்ல, அவவின் பெயரில் இப்படி எழுதினோம்:

"கண்ணியத்துக்குரிய டீச்சர் அவர்களுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். தரம் 4 இல் உங்களிடம் படிக்கும் மகனின் உம்மா எழுதுகிறேன். ஏறக்குறைய மூன்று கிழமையாக மகனின் தண்ணிப் போத்தல் குடிக்கப்படாமல் வருகிறது. இந்தக் கிழமை இரண்டு நாள் பாடசாலைக்குப் போக மறுத்து அழுதார். இவை நான் கண்டவை. இடைவேளையில் மூன்று மாணவர்கள் மலசலகூடக் கதவை வெளியில் பிடித்துக்கொண்டு, 'பேரத் திக்காமச் சொன்னாத்தான் விடுவம்' என்று சொல்வதாக மகன் சொல்கிறார். நான் அதை நேரில் காணவில்லை. அந்தப் பிள்ளைகள் பக்கமும் நீங்கள் கேட்க வேண்டும். பெயர்களை நேரில் சொல்கிறேன். நான் கேட்பது மூன்று விஷயம். இதை வகுப்பில் எல்லோர் முன்னும் கேட்க வேண்டாம். பாட நேரத்தில் மலசலகூடம் போக மகனுக்கு அனுமதி கொடுங்கள். இடைவேளையில் அந்தப் பக்கம் ஒரு பெரியவர் நிற்க வழி செய்யுங்கள். வருகிற புதன்கிழமை பாடசாலை விட்ட பின் உங்களைச் சந்திக்கலாமா?"

ராத்தாவுக்கு இரண்டு மனத்தாங்கல். "அவனுகளுக்குத் தண்டனை குடுக்கச் சொல்லி எழுதல்லையே?" என்றா. தண்டனையைக் கேட்டால் வாசிக்கும் டீச்சர் முதலில் தன் வகுப்பைக் காப்பாற்றத்தான் பார்ப்பார். "பைப்படிப் பக்கம் பத்து நிமிஷம் நில்லுங்க" என்று கேட்டால் அது நாளைக்கே செய்யக்கூடிய வேலை. அடுத்தது, "நான் காணல்ல எண்டு எழுதினா நம்புவாங்களா?" அதை எழுதினால்தான் மற்றதை நம்புவார்கள். கண்டதையும் கேட்டதையும் பிரித்து எழுதிய கடிதத்தை ஒதுக்கி வைப்பது கஷ்டம். இதை ஒரு வகுப்பாசிரியையாக நான் அறிவேன்.

கடிதத்தைப் பிள்ளையின் பேக்கில் வைக்க நான் விடவில்லை. வழியில் அதே பொடியன்மார் எடுத்து வாசித்தால் கதை முடிந்தது. போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டு, உறையில் போட்டு, ராத்தாவே போய்க் கையில் கொடுத்தா.

டீச்சர் புதன் வரை காத்திருக்கவில்லை, அடுத்த நாளே கூப்பிட்டார். இடைவேளையில் தான் கொப்பி திருத்திக்கொண்டு இருந்ததாகவும், இதைக் கவனிக்கவில்லை என்றும் ஒளிக்காமல் சொன்னார். மூவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டுக் கதைத்தார். ஒருவன் மற்ற இருவருக்கும் பயந்தே கூட நின்றிருக்கிறான். வாசிப்பின்போது இப்போது இருவர் இருவராகச் சேர்ந்து வாசிக்க விடுகிறாராம். திக்குகிற பிள்ளைக்கு அது லேசு, எண்ணுவதற்கும் ஒன்றும் இல்லை.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். பட்டப்பெயர் இன்னும் இடைக்கிடை காதில் விழுகிறதாம். ஒரு கிழமைக்குள் ஒன்றும் நடக்காவிட்டால் அதே கடிதத்தின் பிரதியோடு பகுதித் தலைவரிடமும் அதிபரிடமும் போகச் சொல்லியிருந்தேன். அதற்குத் தேவை வரவில்லை. ஆனால் உடம்பில் காயம், கத்தி போன்ற மிரட்டல், தொடக் கூடாத இடத்தில் தொடுதல் என்றால் கடிதம் எழுதிக்கொண்டு இருக்க வேண்டாம். அன்றே அதிபரிடம் போங்கள். சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கும் அழையுங்கள்.

நேற்று ராத்தா மதிலுக்கு மேலால் தண்ணிப் போத்தலைத் தூக்கிக் காட்டினா. காலி. அல்ஹம்துலில்லாஹ்.

இதை வாசிக்கிற உம்மாமார், வாப்பாமார் இன்றைக்கு ஒரு தரம் பிள்ளையின் தண்ணிப் போத்தலைத் தூக்கிப் பாருங்கள். என்னோடு படிப்பிக்கிற டீச்சர்மாருக்கும் ஒன்று: இரண்டு வரிக் கடிதம் வந்தால், வகுப்பில் பிள்ளையை எழுப்பிக் கேட்காதீர்கள். நான் கேட்டேன். அந்தப் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு இன்னும் சந்தர்ப்பம் கிடைக்கவில்லை.