அட்டவணை தனித்துப் பேசுமா?

ஆய்வேடு ஒன்றை முதற்பக்கம் தொடங்கி இறுதிப்பக்கம் வரை ஒழுங்காகப் படிப்போர் மிகச் சிலரே. ஏனையோர் பக்கங்களைப் புரட்டி, அட்டவணையிலோ உருவிலோ கண்ணைப் பதித்து, அதன் பின்னரே உரையைப் படிப்பதா விடுவதா என்று தீர்மானிக்கின்றனர். இவ்வுண்மையை நான் அறிந்துகொண்டது நூல்களிலிருந்தன்று. என் மேற்பார்வையாளரின் மேசைக்கு எதிரே நின்ற ஒரு பிற்பகலில்.

சிறப்புப் பட்டத்துக்கான என் ஆய்வு யாழ்ப்பாணக் குடாநாட்டின் ஒரு கிராமத்துக் கிணற்று நீரைப் பற்றியது. அங்கே நிலத்தின் கீழ் சுண்ணக்கல். அக்கல்லினுள் உவர்நீரின் மேல் நன்னீர் தங்கி நிற்கும். மாரிமழை அந்நன்னீரைப் பெருக்கும். கோடையும் நீரிறைப்பும் அதனைக் குறைக்கும். ஆகவே கோடையிறுதியில் கிணற்று நீரின் குளோரைட்டுச் செறிவு உயரும் என்பது எதிர்பார்ப்பு. 12 கிணறுகளில் ஓகஸ்ட் மாதத்திலும் ஜனவரி மாதத்திலும் மாதிரி எடுத்துப் பகுத்தாய்ந்தேன். எதிர்பார்த்தவாறே ஓகஸ்ட் மாதச் சராசரி உயர்ந்திருந்தது. மகிழ்ச்சியுடன் அட்டவணையைத் தட்டச்சிட்டு, அதன் மேலே ‘அட்டவணை 3: கிணற்று நீர்ப் பகுப்பாய்வு’ என்று எழுதிக் கையளித்தேன்.

அவர் அந்த ஒரு தாளை மட்டும் கோவையிலிருந்து கழற்றியெடுத்தார். எஞ்சியவற்றைக் கவிழ்த்து வைத்தார்.

“இதில் 310 என்று இருக்கிறது. 310 என்ன?”

“ஒரு லீற்றருக்கு 310 மில்லிகிராம் குளோரைட்டு, சேர். முறையியல் அத்தியாயத்தில் எழுதியிருக்கிறேன்.”

“அந்த அத்தியாயம் இப்போது என்னிடம் இல்லையே. இந்த ± என்ன? நியம விலகலா, நியம வழுவா?”

“நியம விலகல், சேர்.”

“உமது உரு 2 இலே நிற்கும் கோடுகளும் அதுதானா?”

நான் விடையிறுக்கவில்லை. உருவிலே நான் வரைந்திருந்தது நியம வழுவை. ஒவ்வொரு பெறுமானமும் மூன்று மாதிரிகளின் சராசரி. ஆகவே நியம விலகல் 12 எனின், அதனை மூன்றின் வர்க்கமூலத்தால் வகுத்துப் பெறும் நியம வழு ஏறக்குறைய 7. ஒரே அளவீடு அட்டவணையில் பரந்ததாகவும் உருவில் இறுகியதாகவும் தோன்றும். இரண்டையும் ஒப்பிடும் வாசகர், உருவைக் கண்டு என் அளவீடுகள் உள்ளதினும் நுண்மையானவை என்று நம்பியிருப்பார். இரண்டு இடத்திலும் இது இன்னதென்று எழுதியிருந்தால் அம்முரண்பாடு என் கண்ணிலேயே முதலிற் பட்டிருக்கும்.

அவர் அத்துடன் விடவில்லை. ஏழாம் கிணற்றின் நிரையில், ஓகஸ்ட் நிரலின் கீழ் நின்ற ஒரு சிறு கோட்டைச் சுட்டினார். “இது பூச்சியமா?”

“இல்லை, சேர். கிணறு வற்றிப்போயிருந்தது. மாதிரி எடுக்க முடியவில்லை.”

“அப்படியானால் உமது ஓகஸ்ட் சராசரி எத்தனை கிணறுகளுடையது?”

பதினொன்று. ஜனவரிச் சராசரியோ பன்னிரண்டு கிணறுகளுடையது. வற்றிய அந்தக் கிணறு கடலுக்குத் தூரமான, ஆழங்குறைந்த கிணறு. ஜனவரியில் மிகக் குறைந்த குளோரைட்டைக் காட்டியதும் அதுவே. குறைந்த பெறுமானமுடைய கிணறு ஒன்று ஓகஸ்டிலே விடுபட்டமையால், எஞ்சியவற்றில் எதுவும் மாறாதிருந்தாலும் சராசரி தானாகவே உயர்ந்திருக்கும். நான் கண்டு மகிழ்ந்த உயர்வின் ஒரு பகுதி உவர்நீரால் வந்ததன்று, அச்சிறு கோட்டினால் வந்தது.

அன்றிரவு அதே 11 கிணறுகளை மட்டும் கொண்டு இரண்டு மாதங்களையும் ஒப்பிட்டேன். உயர்வு மறையவில்லை, ஆனால் சிறுத்தது. பின்னர் தலைப்பை இவ்வாறு எழுதினேன்:

‘அட்டவணை 3: கோடையிறுதியிலும் (ஓகஸ்ட்) மாரியின் பின்னரும் (ஜனவரி) 12 கிணறுகளின் நீரிலுள்ள குளோரைட்டுச் செறிவு (மி.கி./லீற்றர்). பெறுமானங்கள் மூன்று மாதிரிகளின் சராசரி ± நியம விலகல். – : கிணறு வற்றியிருந்தமையால் மாதிரி பெறப்படவில்லை. இறுதி நிரையிலுள்ள சராசரிகள், இரு மாதங்களிலும் மாதிரி பெறப்பட்ட 11 கிணறுகளுக்குரியவை.’

எது அளக்கப்பட்டது, எங்கே, எப்போது, எந்த அலகில், எத்தனை தடவை, குறியீடுகளின் பொருள் யாது என்னும் வினாக்களுக்கு இதில் விடையுண்டு. பகுப்பாய்வு செய்த முறையோ, உயர்வுக்கான காரணமோ இதில் இல்லை, அவை உரைக்குரியவை. தலைப்பு தாளைத் தனித்து நிற்கச் செய்ய வேண்டுமேயன்றி அத்தியாயத்தை விழுங்கிவிடலாகாது.

பிற்காலத்தில் புளோரன்ஸ் நைற்றிங்கேல் 1858 இல் வெளியிட்ட புகழ்பெற்ற வரைபடத்தைப் பார்த்தபோது இந்த நினைவே வந்தது. கிரிமியப் போரில் இறந்த பிரித்தானியப் படையினரின் தொகையை மாதந்தோறும் நிறந்தீட்டிய ஆப்புகளாக அவர் காட்டினார். தடுக்கத்தக்க நோய்களுக்கு நீலம், காயங்களுக்குச் சிவப்பு, ஏனைய காரணங்களுக்குக் கறுப்பு. படத்தைமட்டும் பார்ப்பவர் நிறங்கள் ஒன்றன்மேலொன்றாக அடுக்கப்பட்டவை என்று எண்ணிவிடுவார். அவ்வாறன்று: ஒவ்வொரு பரப்பும் நடுப்புள்ளியிலிருந்தே அளக்கப்படுதல் வேண்டும் என்று படத்தோடிணைந்த குறிப்பு கூறுகிறது. சில மாதங்களில் ஒரு நிறம் இன்னொன்றுடன் முற்றாகப் பொருந்தி மறைந்துவிடுவதையும் அம்மாதங்களின் பெயரிட்டே அது சொல்கிறது. எங்கே வாசகர் வழுக்குவாரோ அங்கே குறிப்பு நிற்கிறது.

இனி, உரையிலிருந்து அட்டவணையைச் சுட்டும் முறை. என் முதல் வரைவில் ‘கீழேயுள்ள அட்டவணையில் முடிவுகள் தரப்பட்டுள்ளன’ என்று எழுதியிருந்தேன். தட்டச்சில் இடம் போதாமல் அட்டவணை அடுத்த பக்கத்தின் உச்சிக்குச் சென்றது. ‘கீழே’ என்ற சொல் பொய்யாயிற்று. எண் அவ்வாறு பொய்ப்பதில்லை. ஆனால் எண்ணைமட்டும் தருவதும் போதாது. ‘முடிவுகளை அட்டவணை 3 இற் காண்க’ என்னும் வாக்கியம் வாசகரை அனுப்பிவிட்டு, எதைத் தேடுவது என்று சொல்லாமல் விடுகிறது. ‘11 கிணறுகளில் 9 இல் ஓகஸ்ட் மாதச் செறிவு உயர்ந்திருந்தது (அட்டவணை 3)’ என்னும்போது, செய்தி உரையிலும் சான்று அட்டவணையிலும் அமைகின்றன. வாசகர் சரிபார்க்க விரும்பினாலன்றித் தாளைப் புரட்ட வேண்டியதில்லை.

எண்ணுக்கும் ஒரு நோய் உண்டு. இடையில் ஓர் அட்டவணையைப் புகுத்தினால் பின்வருவன யாவும் ஓரெண் நகரும். உரையிலுள்ள சுட்டுகள் நகரா. நாங்கள் அதனைப் பென்சிலால் ஒவ்வொன்றாகத் திருத்தினோம். இன்றைய மாணவர் கணினியின் குறுக்குச் சுட்டு வசதியால் இத்தொல்லையைத் தவிர்க்கலாம்; எனினும் தலைப்பை அழித்துவிட்டுச் சுட்டை விட்டுவிட்டால், ஆய்வேட்டின் நடுவே Error! Reference source not found. என்ற வரி அச்சேறிவிடும். அவ்வாறு அச்சேறிய ஆய்வேடுகளைத் தேர்வாளராக நான் கண்டிருக்கிறேன். ஆகவே இறுதிப்படியில் ஒவ்வொரு சுட்டையும் விரலால் தொட்டு, அது காட்டும் அட்டவணையைத் திறந்து பார்ப்பதை இன்றும் நான் கைவிடவில்லை.

இப்பொழுது மேசைக்கு இப்புறம் அமர்ந்திருப்பவன் நான். மாணவர் வரைவைக் கொண்டுவரும்போது ஒரு தாளைமட்டும் கழற்றியெடுத்து எஞ்சியவற்றைக் கவிழ்த்து வைக்கிறேன். சிறு கோடு எங்கேனும் உண்டா என்றே முதலிற் பார்க்கிறேன்.