எட்டு நாள் பிந்தின ஒரு வாழ்த்து

பிந்திப்போன பிறந்தநாள் வாழ்த்துகள் பெரும்பாலும் மன்னிப்புக் கடிதங்களாய்த்தான் வருகின்றன. "ஐயோ சொறி மச்சாள், சத்தியமா மறக்கேல்ல, ஒரே அசைன்மென்ற், அம்மாவுக்கும் சுகமில்லை" என்று பத்து வரி. வாழ்த்து கடைசி வரியில், ஒரு கேக் படத்தோடு. வாசிக்கிறவளுக்கு அதற்குப் பிறகு ஒரு வேலை இருக்கிறது: "பரவாயில்லையடி" என்று அனுப்பியவளைத் தேற்ற வேண்டும். பிறந்தநாள் யாருடையது என்பதே அந்த இடத்தில் மாறிப்போகிறது.

இந்த ஆவணியில் எங்கட பட்ச்சுக்குள் போன ஒரு வாழ்த்து அப்படியில்லை. வந்தது தொண்டைமானாற்றுப் பிள்ளை ஒருத்திக்கு. அவள் பிறந்தது 2004 ஓகஸ்ட் 24, பின்னேரம். இந்த வருசம் 21 வயது. ஆவணி என்றால் அந்த ஊரில் சந்நிதித் திருவிழா. வீடு நிறையச் சொந்தக்காரர், அடுப்பு அணையாது. 24ஆம் திகதி அவளுக்கே அரைகுறையாய்த்தான் கழிந்ததாம். செப்டெம்பர் 1, திங்கட்கிழமை, கிளிநொச்சிச் சிநேகிதியிடமிருந்து வட்ஸ்அப்பில் இது வந்தது. இரண்டு பேரிட்டயும் கேட்டுத்தான் இங்கே போடுகிறோம்:

"எடி, எட்டு நாள் பிந்தீட்டன். பஸ் உங்கட பாலத்தில ஏறேக்க நீ எப்பவும் கதையைப் பாதியில விட்டுட்டுத் தண்ணியைப் பாப்பாய். இறங்கின பிறகு 'எதில விட்டனான்?' எண்டு கேப்பாய். 21இலயும் அப்பிடியே பாத்துக்கொண்டிரு. எதில விட்டனீ எண்டு நான் ஞாபகம் வைச்சிருக்கிறன். சந்தோசமா இரு."

நாங்கள் நாலு பேர் இதை வைத்துக்கொண்டு நிறைய நேரம் கதைத்தோம். பிந்தினதற்கு இதில் மூன்றே சொல். ஏன் பிந்தியது என்று ஒரு சொல்லும் இல்லை. ஆனால் எட்டு நாள் என்று எண்ணிச் சொல்லியிருக்கிறாள். "கொஞ்சம் லேற்" என்று எழுதியிருந்தால் திகதி தெரியாமல் யாரோ சொல்லி எழுதியதுபோல இருந்திருக்கும். எண்ணினவளுக்குத் திகதி தெரியும், அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

மற்றது அந்தப் பாலம். கடல்தண்ணி உள்ளே வராமல் மறிக்கிற கதவுகளுக்கு மேலால் பஸ் போகும்போது எல்லாரும்தான் வெளியே பார்ப்பார்கள். கதையைப் பாதியில் விடுகிறவள் இவள் ஒருத்திதான். பெயரை எடுத்துவிட்டு வேறு ஆருக்கும் இந்த வாழ்த்தை அனுப்பிப் பாருங்கள், பொருந்தாது. "நல்ல மனசுக்காரி, எப்பவும் சிரிச்சுக்கொண்டிரு" என்பதை எங்கட பட்ச்சில் பாதிப்பேருக்கு அனுப்பலாம்.

ஃபோனைப் பார்த்துச் சிரித்தவளிடம் அம்மம்மா விசயத்தைக் கேட்டிருக்கிறா. பிறகு பஞ்சாங்கத்தை எடுத்துப் பார்த்துவிட்டு, "ஆர் பிந்தினது? இண்டைக்குத்தானே பிள்ளைக்குக் கேட்டை!" என்றாவாம்.

அம்மம்மா சொன்னது சரிதான். நட்சத்திரப் பிறந்தநாள் என்பது பிறந்த தமிழ் மாதத்தில் பிறந்த நட்சத்திரம் வருகிற நாள். சந்திரன் 27 நட்சத்திரங்களையும் சுற்றிவர 27 நாளுக்குச் சற்றுக் கூட எடுக்கும். பதின்மூன்று சுற்று முடிய ஏறத்தாழ 355 நாள். வருசத்துக்கு இன்னும் பத்து நாள் கிடக்கிறபடியால், அதே நட்சத்திரம் வருசாவருசம் பத்து நாள் முந்தி வரும். முந்தி முந்தி மாதத்தை விட்டு வெளியே போனால், அடுத்த சுற்றில் வருவதை எடுக்க வேண்டும். அப்போது 27 நாள் பின்னுக்குத் தள்ளும். 19 வயதில் திகதியும் நட்சத்திரமும் ஏறத்தாழ ஒன்றாய் வரும். அதிலிருந்து இரண்டு வருசத்தில் 20 நாள் முந்தினால் அது ஓகஸ்ட் 4 அளவில், இன்னும் ஆடிதான். ஆகவே ஆவணிக் கேட்டை செப்டெம்பர் 1இல் நின்றது. (எங்கட பக்கம் வாக்கியம், திருக்கணிதம் என்று இரண்டு பஞ்சாங்கம். நட்சத்திரம் முடிகிற நேரத்தில் அவை கொஞ்சம் இழுபடும். அம்மம்மாவோடு அதைக் கதைக்கப் போகவில்லை.)

கிளிநொச்சிக்காரிக்கு இந்தக் கேட்டைக் கணக்கு ஒன்றும் தெரியாது. தெரியாமல் இருந்தது நல்லது என்றுதான் நினைக்கிறோம். "உன்ர நட்சத்திரத்துக்காகப் பாத்துக்கொண்டிருந்தனான்" என்று எழுதியிருந்தால் கெட்டித்தனமாய் இருந்திருக்கும், ஆனால் பிந்தினதை ஒளித்ததாகவும் போயிருக்கும். மன்னிக்கிற வேலை வாங்குகிறவளின் பக்கத்திலிருந்து, அதுவும் கேட்காமலே வந்ததுதான் எங்களுக்குப் பிடித்தது.

இது எல்லாருக்கும் சரிவராது. காலையில் இருந்து ஃபோனைப் பார்த்துக்கொண்டிருக்கிற ஆளுக்கு எட்டு நாள் கழித்துப் பாலத்தைப் பற்றி எழுதினால் விளையாட்டாய் எடுக்கமாட்டார். அங்கே எழுத்து உதவாது, கோல் எடுக்கத்தான் வேணும். இவள் பதில் போட முதல் பஞ்சாங்கத்தைப் படமெடுத்து அனுப்பினாள், கீழே ஒரு வரி: "அம்மம்மா உனக்குப் பாஸ் போட்டிட்டா."

வாற வருசம் கேட்டை ஓகஸ்ட் 24க்கு முதலே வந்து போய்விடும்.