சென்னையா, மும்பையா?

சிதம்பரத்தில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கும் என் மகள், போன லீவுக்குக் கடலூர் வந்தபோது தோழியிடம் ‘பாண்டெமிக்’ என்ற போர்டு கேமைக் கேட்டு வாங்கி வந்தாள். மேட் லீகாக் உருவாக்கி, 2008-ல் வெளியான விளையாட்டு. இதில் நமக்குள் போட்டி கிடையாது. எல்லோரும் ஒரே அணியாக, 48 ஊர்களில் பரவும் நோய்களைத் தடுக்க வேண்டும். அந்த 48-ல் சென்னையும் ஒன்று.

ஒருவர் ஆடி முடித்ததும் நோய்ச் சீட்டு இரண்டு எடுப்போம். வருகிற ஊரில் ஒரு க்யூப் வைக்க வேண்டும். அங்கே ஏற்கெனவே மூன்று இருந்தால் நோய் வெடித்து, பக்கத்து ஊர்களுக்கெல்லாம் ஒவ்வொரு க்யூப் போய்விடும். எட்டு முறை வெடித்தால் எல்லோருமே தோற்றோம்.

நான், மகள், கணவர் மூவரும் ஆடினோம். முதல் சுற்றிலேயே கணவருக்கு ‘எபிடெமிக்’ சீட்டு வந்தது. அது வந்தால் கட்டின் அடியிலிருந்து புது ஊர் ஒன்றை எடுத்து மூன்று க்யூப் வைக்க வேண்டும். பிறகு, அதுவரை எடுத்துப்போட்ட நோய்ச் சீட்டுகளைக் கலைத்து, மறுபடி கட்டின் மேலேயே வைக்க வேண்டும். அதாவது, நோய் கண்ட ஊர்களே திரும்பவும் வரும். அப்படி 14 சீட்டு. முதல் இரண்டை எடுத்ததில் சென்னை வந்தது. இப்போது சென்னையில் மூன்று க்யூப், மும்பையிலும் மூன்று.

அடுத்து நான். ஹாங்காங்கில் இருக்கிறேன், நான்கு வேலைதான் செய்யலாம். கொல்கத்தா வழியாகச் சென்னை போய் இரண்டு க்யூப் எடுக்கலாம். அல்லது சென்னையில் நிற்காமல் மும்பை போய் ஒன்று எடுக்கலாம்.

“மும்பைக்குப் போம்மா” என்றாள் மகள். “சென்னைச் சீட்டு இப்பதான் வந்துபோச்சு. இன்னொரு எபிடெமிக் வந்தாதான் அது திரும்பும். நாம கையில எடுக்கிற சீட்டை நாலு பங்கா பிரிச்சு, பங்குக்கு ஒரு எபிடெமிக் வெச்சோம்ல? முதல் பங்குல அது வந்தாச்சு. மீதி ஆறு சீட்டு, ஆளுக்கு ரெண்டு. மூணு முறைக்குப் பயமில்ல. ஆனா மும்பை, மேல இருக்கிற 12-ல ஒண்ணு. இந்த முறை வர ஆறுல ஒரு வாய்ப்பு, மூணு முறைக்குள்ள பாதிக்குப் பாதி. ஒரு க்யூப் எடுத்துட்டா, சீட்டு வந்தாலும் வெடிக்காது.”

சென்னையைச் சுற்றியுள்ள டெல்லி, கொல்கத்தா, பாங்காக், ஜகார்த்தா எதிலும் மூன்று க்யூப் இல்லை என்பதையும் பார்த்துவிட்டுத்தான் சொன்னாள்.

எனக்கு மனசு கேட்கவில்லை. 2020 மே மாதம் கோயம்பேடு மார்க்கெட்டிலிருந்து திரும்பியவர்கள் வழியாக எங்கள் மாவட்டத்தில் தொற்று கிடுகிடுவென ஏறியது இன்னும் கண்ணில் நிற்கிறது. சென்னைக்கே போய் இரண்டு க்யூப் எடுத்தேன்.

மகளின் முறை முடிந்து எடுத்த சீட்டில் மும்பை! வெடித்து கராச்சிக்கு ஒன்று, டெல்லிக்கு ஒன்று, சென்னைக்கு ஒன்று. நான் எடுத்ததில் பாதி திரும்பி வந்துவிட்டது. மும்பையைக் கவனித்திருந்தால் சென்னையும் தப்பித்திருக்கும்.

நிஜ நோய்க்கு இப்படிச் சீட்டுக்கட்டு கிடையாது. வந்துபோன ஊருக்கு மறுநாளே மறுபடி வரலாம். ஆனால் பலகையில் அந்தக் கணக்கு உண்டு. இப்போதெல்லாம் எபிடெமிக் வந்தால், ‘எங்கே மூன்று இருக்கு?’ என்று மட்டும் நான் பார்ப்பதில்லை. ‘அதில் எந்த ஊரின் சீட்டு இன்னும் மேலே இருக்கு?’ என்றும் கேட்கிறேன்.