கஞ்சிப் பானையும் கடற்காத்தும்

மே மாசம் வந்துட்டா சென்னைவாசிங்க ஒருத்தரை ஒருத்தர் பாத்தா கேக்குற கேள்வி ஒண்ணுதான்: "உங்க பக்கம் காத்து வந்துடுச்சா?" எங்க வீடு அம்பத்தூர் பக்கம், மொட்டை மாடிக்கு நேர் கீழே. மத்தியானம் அம்மா தலை சுத்துதுன்னு உக்காந்துடற நாள் எது, சமாளிச்சுடற நாள் எதுங்கறதை முடிவு பண்றது பெரும்பாலும் கடற்காத்து எத்தனை மணிக்கு வருதுங்கறதுதான். அதனால இந்த விஷயத்துல எனக்கு ஒரு சொந்த அக்கறை உண்டு. பொட்டி தட்டுன நேரம் போக மிச்ச நேரத்துல படிச்சதை இங்க எழுதி வைக்கறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்குங்க மக்களே.

பள்ளிக்கூட அறிவியல் புத்தகத்துல வெப்பச்சலனம்னு ஒரு பாடம் வருமே, ஞாபகம் இருக்கா? அடுப்பு மேல ஒரு பாத்திரம், உள்ளே சுத்திச் சுத்தி அம்புக்குறி. அடுத்த படத்துல கடல், ஒரு தென்னை மரம், மறுபடியும் அம்புக்குறி. "சூடான காற்று மேலே செல்லும், அந்த இடத்தை நிரப்பக் குளிர்ந்த காற்று வரும்." ரெண்டு மார்க் வாங்க இது போதும். ஆனா ஏன் ஒரு நாள் பன்னெண்டு மணிக்கே வர்ற காத்து இன்னொரு நாள் நாலு மணி வரைக்கும் வரலைங்கறதுக்கு இதுல பதில் இல்லை. அந்தப் பதில் பாத்திரத்துக்குள்ளயே இருக்கு. அதனால முதல்ல சமையல்கட்டுக்குப் போவோம்.

ஒரு லிட்டர் தண்ணி 30 டிகிரியில ஏறக்குறைய 996 கிராம் இருக்கும். அதே ஒரு லிட்டர் 60 டிகிரியில 983 கிராம்தான். அடியில சூடான தண்ணி விரிஞ்சு லேசாயிடுது. மேல இருக்குறது இன்னும் கனமாவே இருக்கு. கனமானது மேல, லேசானது கீழன்னா அந்த அடுக்கு நிலைக்காது. கனமான தண்ணி கீழ இறங்கி லேசான தண்ணியை மேல தள்ளி விட்டுடும். சூடான தண்ணி தானா எழும்புறதில்லைங்க, அதை எழுப்பி விடறது பக்கத்துல இருக்குற கனமான தண்ணி. ஒரு கண்ணாடிப் பாத்திரத்துல சீரகத்தைக் கொஞ்சம் தூவி ஓரமா அடுப்பை வச்சுப் பாருங்க, ஒரு பக்கம் ஏறி இன்னொரு பக்கம் இறங்கறது நல்லாவே தெரியும்.

இதுல கவனிக்க வேண்டியது அந்த எண்கள். 30 டிகிரி வித்தியாசத்துக்கு லிட்டருக்கு வெறும் 13 கிராம்! சுமார் ஒரு சதவீதம். மொத்த ஓட்டத்தையும் நடத்துறது இந்த ஒரு சதவீதம்தான். இவ்வளவு சின்னத் தள்ளு ஜெயிக்கணும்னா எதிர்ப்பு ரொம்பக் குறைவா இருக்கணும். தண்ணி இளகலா இருக்குறதால ஜெயிச்சுடுது.

இப்ப அதே பாத்திரத்துல ராகி மாவைக் கரைச்சு ஊத்துங்க. ஆரம்பத்துல தண்ணி மாதிரியே சுத்தும். சூடு ஏற ஏற மாவுல இருக்குற ஸ்டார்ச் தண்ணியைக் குடிச்சு வீங்கும், கூழ் கெட்டியாகும். அடர்த்தி வித்தியாசம் அப்படியேதான் இருக்கு, கீழ லேசு மேல கனம். ஆனா கெட்டியான கூழை நகர்த்த அந்த ஒரு சதவீதத்துக்குத் தெம்பு பத்தாது. சுழற்சி நின்னுடும். நின்னுட்டா அடியில வாங்குன சூட்டை மேல எடுத்துட்டுப் போக ஆளில்லை. கூழ் வழியா சூடு தானா கடந்து போறது ஆமை வேகம். மேல வெதுவெதுன்னு இருக்கும்போதே அடி 100 டிகிரியைத் தாண்டி, காஞ்சு, கருகும். இதுக்குப் பேர்தான் அடிப்பிடிக்கறது.

இதை மூக்குக்கு வாசனை வர்றதுக்கு முன்னாடியே கண்டுபிடிக்கலாம். மேற்பரப்பு சுத்தறதை நிறுத்திட்டு அசையாம கிடக்கும், அப்பப்ப ஒரே ஒரு பெரிய குமிழி "ப்ளக்"குன்னு வெடிச்சுக் கைல தெறிக்கும். அடியில ஆவி சேர்ந்து, வேற வழியில்லாம முட்டிக்கிட்டு வருதுன்னு அர்த்தம். அம்மா கரண்டியை எடுத்துக் கிண்டுறது அந்த நின்னு போன வெப்பச்சலனத்துக்குப் பதிலா வேலை பாக்கத்தான்.

சரி, பாத்திரத்தை இறக்கி வச்சுட்டுக் கடற்கரைக்கு வருவோம். இங்க ஒரு வித்தியாசம் இருக்கு. பாத்திரத்துல சூடு கீழ, குளிர்ச்சி மேல. கடற்கரையில சூடு ஒரு பக்கம், குளிர்ச்சி இன்னொரு பக்கம். மே மாசத்துல வங்காள விரிகுடாவோட மேற்பரப்பு 29, 30 டிகிரி வாக்குல இருக்கும், பகல் முழுக்க பெருசா மாறாது. வெயில் தண்ணிக்குள்ள ஆழமா இறங்கிப் பரவிடுது, அலை கலக்கி விடுது, ஆவியாகறதுலயும் சூடு போயிடுது. தரையில மேல் தோல் மட்டும்தான் சூட்டை வாங்குது, அதனால சீக்கிரம் கொதிக்குது.

ஒரு நாளைக் கணக்குப் போட்டுப் பாப்போம். கடல் மேல காத்து 30 டிகிரி, ஊருக்குள்ள 38 டிகிரி. ஒரு கன மீட்டர் காத்து கடல் பக்கம் ஏறக்குறைய 1160 கிராம், ஊர்ப் பக்கம் 1130 கிராம். வித்தியாசம் 30 கிராம். (கடற்காத்துல இருக்குற நீராவி காத்தை விட லேசு, அதனால நிஜ வித்தியாசம் இன்னும் கொஞ்சம் குறையும். ஈரக் காத்து கனமா இருக்குற மாதிரி நமக்குத் தோணுறது வியர்வை காயாததால.)

இதுல முதல்ல நகர்றது நம்ம தலைக்கு மேல. ஊர் மேல இருக்குற காத்து சூடாகி மேல்நோக்கி விரியும். அதனால சில நூறு மீட்டர் உயரத்துல ஊர்ப் பக்கம் அழுத்தம் துளி கூடி, அங்க இருக்குற காத்து கடல் பக்கமா வழியும். அப்படி வழிஞ்ச அளவுக்கு ஊர்த் தரையில அழுத்தம் குறையும். அப்பதான் கீழ கடல் பக்கத்துல இருந்து கனமான காத்து உள்ள தள்ளிக்கிட்டு வரும். அதைத்தான் நாம "ஆஹா, காத்து வந்துடுச்சு"ங்கறோம்.

அந்தத் தள்ளு எவ்வளவு? சூடு 500 மீட்டர் உயரம் வரைக்கும் போயிருக்கு, மேல போகப் போக குறையுதுன்னு வச்சுக்குவோம். ஒரு சதுர மீட்டர் தரை மேல கடல் பக்கத்துக்கும் ஊர்ப் பக்கத்துக்கும் வர்ற எடை வித்தியாசம் சுமார் 7 கிலோ. அந்த ஒரு சதுர மீட்டர் மேல மொத்தமா உக்காந்திருக்குற காத்தோட எடை 10 டன்னுக்கும் மேல! பத்து டன்ல ஏழு கிலோ. இது 20 கிலோமீட்டர் தூரத்துல பரவியிருந்தா, உராய்வே இல்லாத ஊர்ல ஒரு மணி நேரத்துல காத்தை மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்துக்குக் கொண்டு போயிடும். நம்ம ஊர்ல கட்டடம், மரம், தரை எல்லாம் இழுத்துப் பிடிக்கறதால மணிக்கு 15, 20 கிலோமீட்டர்தான் தேறும்.

அப்ப இந்தத் தள்ளை எது தோற்கடிக்கும்? கூழுக்குக் கெட்டித்தன்மை மாதிரி, சென்னைக்கு மேற்குக் காத்து. மே, ஜூன் மாசங்கள்ல மேற்குத் தொடர்ச்சி மலையைத் தாண்டி இறங்கி, காஞ்சு போன நிலத்து மேலயே ஓடி வர்ற வறண்ட காத்து அது. அது மெதுவா வீசுற நாள்ல பதினொண்ணு, பன்னெண்டு மணிக்கே கடற்காத்து கரையேறிடும், ஊர் 37 டிகிரியோட தப்பிச்சுக்கும். மணிக்கு 25, 30 கிலோமீட்டர்ல அடிச்சா கடற்காத்து கரைக்கு அந்தப் பக்கமே நின்னுடும். வெயில் ஏற ஏற ஊருக்கும் கடலுக்கும் வித்தியாசம் கூடி, தள்ளும் கூடி, மேற்குக் காத்தும் தளர்ந்தாதான் உள்ள நுழைய முடியும். அதுக்குள்ள மணி மூணு, நாலு ஆயிடும், வெயில் 40-ஐத் தாண்டியிருக்கும். சில நாள் வராமலே போயிடும். ஊரே அடிப்பிடிக்கற நாள் அது. கிண்டி விட கரண்டியும் கிடையாது.

காத்து ஒரே நேரத்துல ஊர் முழுக்க வந்துடறதும் இல்லை. அதுக்கு முகப்பு ஒண்ணு உண்டு. பெசன்ட் நகர் முதல்ல வாங்கும், கிட்டத்தட்ட 15 கிலோமீட்டர் உள்ள இருக்குற எங்க பக்கத்துக்கு அதுக்கப்புறம் ஒரு மணி நேரமாவது ஆகும். மேற்குக் காத்தோட மல்லுக்கட்டி தாமதமா வர்ற முகப்பு கூர்மையா இருக்கும். கொடியில காயற வேட்டி கிழக்குப் பக்கமா பறந்துட்டு இருக்கும், திடீர்னு தொங்கும், அப்புறம் மேற்குப் பக்கமா பறக்கும். சில நிமிஷத்துல நாலஞ்சு டிகிரி இறங்கும், கூடவே கசகசப்பும் ஏறும். ரெண்டு காத்தும் முட்டிக்கிற கோட்டுல நடுவுல மாட்டுன காத்துக்கு மேல போறதைத் தவிர வழியில்லை. மேல போதுமான ஈரம் இருந்தா அங்கதான் சாயங்காலம் இடி மழை கட்டும். ஜூன், ஜூலையில மத்தியானம் வறுத்தெடுத்துட்டு ராத்திரி கொட்டற மழைக்கு இதுவும் ஒரு காரணம்.

இவ்வளவும் தெரிஞ்சு என்ன பண்றதுன்னு கேக்கறீங்களா? காலைல ஒன்பது, பத்து மணிக்கு மாடியில துணி காயப் போடும்போதே பாத்துடுவேன். மேற்கே இருந்து பலமா, வறண்டு அடிச்சா அன்னைக்குக் காத்து தாமதம். ரேஷன் கடை, பாங்க் எல்லாம் பத்தரைக்குள்ள முடிச்சுட்டு வந்துடும்மான்னு சொல்லிட்டு, மேற்குப் பக்க ஜன்னலைச் சாத்திட்டுத்தான் ஆபீஸ் கிளம்புவேன். காத்து அசையாமலோ, லேசா தெற்கே இருந்து வீசுனாலோ கவலை குறைவு. நூத்துக்கு நூறு பலிக்காது. மேல் உயரத்துல என்ன நடக்குதுன்னு வேட்டிக்குத் தெரியாதே! ஆனாலும் பெரும்பாலான நாள் கை கொடுக்குது.

தூத்துக்குடி, நாகப்பட்டினம் பக்கம் இருக்குறவங்க உங்க ஊர்ல காத்து எத்தனை மணிக்குத் திரும்புதுன்னு பின்னூட்டத்துல சொல்லுங்க. மேற்குக் கரைக்காரங்களும் சொல்லலாம், உங்களுக்கு கடல் இருக்குற திசையே வேற, கணக்கும் வேற மாதிரி வரும்.