அமைதியான பெண்

பத்தாவது அட்டைக்கு மேல் எனக்கு வார்த்தை தீர்ந்துவிடும். கவிதை எழுதுகிறவள், தமிழில் முனைவர் பட்டம் வாங்கியவள் என்றெல்லாம் இப்போது சொல்லிக்கொள்கிறேன். ஆனால் ஜவ்வாது மலையில் ஐந்தாம் வகுப்புக்கு ஆசிரியையாக இருந்தபோது, 34 பிள்ளைகளுக்கும் சேர்த்து என்னிடம் இருந்தவை ஏழெட்டுத் தொடர்கள்தாம். ‘நன்று.’ ‘இன்னும் முயற்சி தேவை.’ ‘கவனம் செலுத்தினால் முன்னேறலாம்.’ இவற்றை மாற்றி மாற்றிப் போட்டு ஒரே இரவில் முடித்துவிடுவேன்.

2012-13இல் முப்பருவ முறை வந்திருந்தது. பருவத் தேர்வுக்கு 60, வகுப்பில் நாங்கள் பார்த்துப் போடும் வளரறி மதிப்பீட்டுக்கு 40. எண்ணும் தரமும் நிரம்பிய அட்டையின் கீழே ‘ஆசிரியர் குறிப்பு’ என்று இரண்டு விரல் அகலத்தில் ஓர் இடம். அதை யார் படிக்கப்போகிறார்கள் என்று நினைத்தேன்.

படிப்பது யார் என்று அடுத்த ஆண்டு ஜனவரியில் தெரிந்தது. உறைவிடப் பள்ளி அது. அரையாண்டு விடுமுறை முடிந்து ஒரு பெண் விடுதிக்குத் திரும்பவில்லை. ஜமுனாமரத்தூரிலிருந்து ஜீப்பில் கொஞ்ச தூரம் போய், பிறகு ஏறி நடந்து அவள் வீட்டை அடைந்தேன். அம்மா திண்ணையில் புளி உரித்துக்கொண்டிருந்தார். அட்டையை எடுத்துவரச் சொல்லி, “டீச்சர் முன்னாடியே படி” என்றார். அந்த வீட்டில் எழுத்து தெரிந்தவள் அவள் ஒருத்திதான். அவளைப் பற்றி நான் எழுதியதை அவளே அம்மாவுக்குப் படித்துக்காட்ட வேண்டும்.

‘அமைதியான பெண். வாசிப்பில் பின்தங்கியுள்ளாள்.’ இதுதான் என் குறிப்பு. அவள் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “அமைதியான பொண்ணுன்னு எழுதியிருக்காங்க” என்று நிறுத்திக்கொண்டாள். மீதியைப் படிக்க முடியவில்லையா, படிக்க மனமில்லையா என்று எனக்கு விளங்கவில்லை.

அம்மா சொன்னார்: “அதத்தான் டீச்சர் அவங்கப்பாவும் சொல்றாரு. அமைதியான புள்ள, வீட்டு வேலை தெரியும், அஞ்சாவதோட போதும்னு. நீங்களும் அதையேதான் எழுதியிருக்கீங்க.”

எனக்குப் பதில் வரவில்லை. பள்ளிக்கூடமே அவளை வீட்டோடு வைத்துக்கொள்ளச் சம்மதம் எழுதிக் கொடுத்ததுபோல ஆகிவிட்டது.

மறுபடி கேட்டேன். வாசலில் உட்கார்ந்து, என் பையிலிருந்த தாளில் சில சொற்களை எழுதி வாசிக்கச் சொன்னேன். செடி, பெட்டி, மேடு சரியாக வந்தன. மான், பால் சரி. ‘கொடு’ என்று எழுதினேன், ‘கெடு’ என்றாள். ‘தோடு’ என்பதைத் ‘தேடு’ என்றாள். பத்துச் சொல்லுக்குள் விஷயம் தெரிந்துவிட்டது. கொம்பு தெரியும், கால் தெரியும். இரண்டும் சேர்ந்து ஓர் எழுத்தை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டால் இடப்பக்கத்தோடு நின்றுவிடுகிறாள். கண் பார்வைக் குறை என்றால் பால் என்பது பல் ஆகியிருக்கும். ஆறு மாதம் அவள் என் வகுப்பில் இருந்தாள். நான் அவளுக்கு எழுதியது ‘பின்தங்கியுள்ளாள்’. எதில், எந்த எழுத்தில், எத்தனை அடி பின்னால் என்று ஒன்றுமில்லை.

அட்டையில் அடித்துத் திருத்தக் கூடாது. ஒரு துண்டுத் தாளில் எழுதி மேலே ஒட்டினேன். ‘கதையை ஒருமுறை கேட்டால் தன் சொற்களில் முழுதாகத் திருப்பிச் சொல்கிறாள். இரண்டெழுத்து, மூன்றெழுத்துச் சொற்களை வாசிக்கிறாள். கொ, தோ போன்ற எழுத்துகளில் மட்டும் காலை விட்டுவிடுகிறாள். தினமும் பத்து நிமிடம் பழகினால் ஏப்ரலுக்குள் சரியாகும். இதை நான் பார்த்துக்கொள்கிறேன்.’ இதை நானே படித்துக்காட்டினேன். “அப்ப இது ஒண்ணுதானா அவளுக்கு வராதது?” என்றார் அம்மா. வாசிப்பில் இது ஒன்றுதான். கணக்கில், நவம்பரில் சாமை அறுப்புக்காக வராத நாட்களில் நடத்திய வகுத்தல் தெரியாது, அதையும் சொல்லித்தர வேண்டும் என்றேன். ‘அடிக்கடி விடுப்பு’ என்று எழுதியிருந்தால் அது அம்மாவின் மேல் புகாராகியிருக்கும். எந்தப் பாடம் விட்டுப்போனது என்று சொன்னதால் அது செய்ய வேண்டிய வேலையாயிற்று. மூன்று நாள் கழித்து அவள் விடுதிக்கு வந்துவிட்டாள்.

வந்த கையோடு பள்ளியில் இருந்த பழைய அட்டைகளை எடுத்து, பெண் பிள்ளைகளுடையதை ஒரு பக்கம், பையன்களுடையதை ஒரு பக்கம் அடுக்கினேன். ஒரு பக்கம் அமைதி, ஒழுக்கம், அழகான கையெழுத்து, உதவும் குணம். மறுபக்கம் கெட்டிக்காரன், கேள்வி கேட்பான், கவனம் சிதறுகிறது. பெண்களின் குணத்தையும் பையன்களின் மூளையையும் மதிப்பிட்டிருந்தேன். அந்த நாட்களில் நான் பெண்ணியக் கவிதைகள்தாம் எழுதிக்கொண்டிருந்தேன் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

பையன்களுக்கும் என் குறிப்பால் லாபமில்லை. ‘கெட்டிக்காரன், கவனம் தேவை’ என்று எழுதப்பட்டவன் கணக்கை மனதிலேயே போட்டு விடை சொல்பவன். படிகளை எழுதாததால் விடை தவறும்போது எந்த இடத்தில் தவறினான் என்று அவனுக்கே தெரியாது. எழுத வேண்டியது அதைத்தான்.

ஜனவரி முதல் ஒரு நோட்டு வைத்துக்கொண்டேன். ஆளுக்கு ஒரு பக்கம். தினமும் மூன்று பேரை மட்டும் பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்பது, தேதி போட்டு ஒரு வரி எழுதுவது. பன்னிரண்டு வேலை நாளில் 34 பேரும் முடிந்து மறுசுற்று தொடங்கும். ஏப்ரலில் ஒவ்வொருவருக்கும் ஆறேழு வரி சேர்ந்திருந்தது. அவற்றிலிருந்து மூன்றை எடுப்பேன்: முன்பு வராமல் இப்போது வருவது, இன்னும் தடைப்படும் இடம், அடுத்துச் செய்யப்போவது. எழுதி முடித்ததும் பெயரை விரலால் மறைத்துக்கொண்டு படிப்பேன். வேறொரு பிள்ளைக்கும் பொருந்தினால் மறுபடி எழுத வேண்டும். பெண்ணின் குறிப்பைப் பையன் பெயரோடு ஒருமுறை வாசித்துப்பார்ப்பதும் உண்டு. விநோதமாகக் கேட்டால் அது குணச் சான்றிதழ்.

ஒரு பையனிடம் எழுதுவதற்கு முன்னேற்றம் ஒன்றுமே இல்லை. இனிப்பாக ஏதாவது எழுதிவிடலாம் என்று தோன்றியது. ‘இந்தப் பருவத்தில் நாங்கள் சொல்லித்தந்த முறை இவனுக்குப் பலிக்கவில்லை; ஜூனில் மணலிலும் அட்டையிலும் எழுத்தைத் தொடங்கப்போகிறோம்’ என்று எழுதினேன். தலைமையாசிரியருக்கு அது பிடிக்கவில்லை, பள்ளியின் குறையை நாமே எழுதுவதா என்றார். எழுதியது எழுதியதுதான் என்று விட்டுவிட்டேன்.

எழுதக் கூடாததும் உண்டு. வீட்டில் அடி விழுகிறது, கல்யாணப் பேச்சு நடக்கிறது என்று பிள்ளை காதோடு சொன்னதை அட்டையில் ஏற்றினால், அட்டை அந்த வீட்டுக்கேதான் போகும். அதற்கு 1098 இருக்கிறது.

அந்தப் பெண்ணுக்குச் சொல் இணைகளைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தேன். கெடு, கொடு. தேடு, தோடு. பெறு, பொறு. கடைசி இணையை எழுதும்போது, பெண் பிள்ளைக்கு இதைவிட வேறு சொல் கிடைக்கவில்லையா என்று என்னையே திட்டிக்கொண்டேன். அவளுக்கு அதெல்லாம் தோன்றவில்லை. ‘பொறு’ வந்த அன்று கைதட்டிக்கொண்டாள்.

ஏப்ரல் கடைசியில் அம்மா வந்திருந்தார். பெற்றோர் கையொப்பம் இருக்கும் இடத்தில் கைநாட்டு வைப்பதற்கு முன், “என்ன எழுதியிருக்குன்னு படி, அப்புறம் வெக்கிறேன்” என்றார். வேண்டுமென்றேதான் அந்தச் சொல்லைக் குறிப்பில் போட்டிருந்தேன்: ‘கதைப் புத்தகம் கொடுத்தால் தானே வாசிக்கிறாள்.’ அவள் விரல் வைத்துப் படித்துக்கொண்டே வந்தாள். “கதைப் புத்தகம் கெ...” என்று நின்றாள். விரலைப் பின்னால் இழுத்து, காலைத் தொட்டாள்.

“கொடுத்தால்.”