‘வேண்டாம்’ என்பதை எப்போது சொல்வது?

மருத்துவப் படிப்பை முடித்து ஒரு மூத்த குழந்தை மருத்துவரிடம் பயிற்சிக்குச் சேர்ந்தபோது, எந்த நோய்க்கு எந்த மருந்து என்பது எனக்குத் தெரிந்திருந்தது. மருந்து வேண்டாம் என்று சொல்லத்தான் தெரியவில்லை.

மூன்று வயதுப் பையனோடு ஓர் அம்மா வருவார். இரண்டு நாளாகக் காய்ச்சல், மூக்கொழுகல், இருமல். "போன தடவை கொடுத்த ஆன்டிபயாட்டிக்கையே எழுதிடுங்க டாக்டர்." நானும் உடனே, "இது வெறும் வைரஸ்மா, அதுக்கு ஆன்டிபயாட்டிக் கேட்காது" என்பேன். அவர் முகம் இறுகிவிடும். "சளி மஞ்சளா வருதே?" என்பார். சளி கெட்டியாகி நிறம் மாறுவது வைரஸிலும் நடக்கும் என்று நான் பாடம் எடுப்பேன். நான் சொன்னதெல்லாம் சரிதான். ஆனாலும் அவர் நேராக மருந்துக்கடைக்குத்தான் போவார்.

"ராத்திரி பூரா தூங்காம வந்தவங்ககிட்ட ‘வெறும்’னு சொல்வியா? குழந்தையைத் தொடாமலே மறுத்துட்டியே தம்பி" என்றார் மேடம். "நீ பார்க்கிறதை வாய்விட்டுச் சொல்லு."

அதுவும் எளிதில் வரவில்லை. சட்டையைத் தூக்கிவிட்டு, அழாத நேரமாகப் பார்த்து, வயிற்றில் லேசாகக் கைவைத்து ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ண வேண்டும். பேசினால் எண்ணிக்கை தவறும். பேசாவிட்டால் அம்மா பயப்படுவார். எண்ணி முடித்தபின் சொல்லப் பழகினேன்: "32 இருக்கு. இந்த வயசுல 40-க்கு மேல போனாத்தான் நிமோனியாவான்னு யோசிக்கணும். விலாவுக்குக் கீழே உள்ளே இழுக்கலை. செவிப்பறை சிவக்கலை, வீங்கலை." இப்படிச் சொல்லிக்கொண்டே போனால், நான் ‘வேண்டாம்’ என்பதற்குள் அவரே பாதி ஊகித்துவிடுவார்.

‘போன தடவை’ என்ற பேச்சு வந்தால் வாதாடாதே, எத்தனையாவது நாளில் மருந்து ஆரம்பித்தார்கள் என்று மட்டும் கேள் என்பார் மேடம். பெரும்பாலும் மூன்றாம் நாளாக இருக்கும். காய்ச்சல் தானாக இறங்கும் நேரமும் அதுதான்.

வெறுங்கையோடு அனுப்பவும் கூடாது. எடைக்கேற்ற பாராசிட்டமால் அளவு, இருமலுக்குத் தேன் (ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தைக்குக் கூடாது), இருமல் இரண்டு மூன்று வாரம்கூட நீளலாம் என்ற எச்சரிக்கை எல்லாவற்றையும் சீட்டில் எழுதித் தருவேன். இருமல் நீளும் என்பதைச் சொல்லாமல் விட்ட நாட்களில், ஐந்தாம் நாளே வேறு மருத்துவரிடம் போய்விட்டார்கள்.

எப்போது திரும்ப வர வேண்டும் என்பதும் அதே சீட்டில் இருக்கும்: மூச்சு வேகமானால், தண்ணீர் குடிக்காவிட்டால், விட்ட காய்ச்சல் மறுபடி வந்தால். அப்படி ஒரு சீட்டோடு போன அம்மா ஆறாம் நாள் வந்தார். காய்ச்சல் விட்டுத் திரும்பியிருந்தது. பையன் காதைப் பிடித்துக்கொண்டு அழுதான். இப்போது செவிப்பறை சிவந்து புடைத்திருந்தது. அமாக்ஸிசிலின் எழுதினேன். "இது இப்ப வேணும்தானே டாக்டர்?" என்று அவரே கேட்டார். "வேணும்மா" என்றேன்.