20,000 ரூபாய் நிற்க எத்தனை பாக்கெட் மாவு?

பி.காம் படிக்கிற எல்லோருக்கும் இந்தச் சூத்திரம் மனப்பாடம். நிலைச் செலவோடு வேண்டிய லாபத்தைக் கூட்டு, ஒரு பொருளில் கிடைக்கும் பங்களிப்பால் வகு, விற்க வேண்டிய எண்ணிக்கை வந்துவிடும். பரீட்சையில் விலையும் செலவும் கேள்வித்தாளிலேயே இருக்கும். வெளியில் அதைக் கொடுக்க ஆள் கிடையாது. பிரச்னையே அங்கேதான் ஆரம்பம்.

என் பெரியம்மா மகள் ஈரோட்டில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறாள். கைக்கு வருவது மாதம் 18,000. அதை விட்டுவிட்டு, இட்லி மாவு அரைத்துக் கடைகளுக்குப் பாக்கெட் போடலாமா என்று யோசனை. "மாசம் 20,000 கையில நின்னா போதும்டா. ஒரு நாளைக்கு எத்தனை பாக்கெட் போடணும்னு மட்டும் சொல்லு" என்றாள். கேட்க ஒரு வரிக் கேள்வி. எக்செலில் இதற்கென்றே Goal Seek என்று ஒன்று இருக்கிறது. ஆனால் அதை ஒரு தடவை ஓட்டிவிட்டு எழுந்தால் பாதிப் பதில்தான் கிடைக்கும் என்பதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

முதலில் கணக்கு. ஒரு கிலோ பாக்கெட், கடைக்குக் கொடுக்கும் விலை 40 ரூபாய். அரிசி, உளுந்து, கவர், கரண்ட், பெட்ரோல் எல்லாம் சேர்த்து ஒரு பாக்கெட்டுக்கு 24 ரூபாய் ஆகும் என்பது அக்காவின் மதிப்பு. போட்டதில் 100க்கு 5 பாக்கெட் புளித்துத் திரும்பி வரும். அதற்குக் காசு கிடையாது, அரைத்த செலவு மட்டும் நம்முடையது. மாதாமாதம் போகிற செலவு: வாடகை 7,000, உதவிக்கு ஒரு ஆள் 10,000, கிரைண்டர் கடன் தவணை 5,000, ஆக 22,000. (தவணையில் அசல் பங்கு செலவுக் கணக்கில் வராது என்று நம்ம சார் கோபிப்பார். அக்கா கேட்டது கையில் மிஞ்சும் பணம், அதனால் முழுத் தவணையையும் சேர்த்துவிட்டேன் :-))

```
B1  2000
B2  40
B3  24
B4  5%
B5  22000
B6  =B1*(1-B4)*B2-B1*B3-B5
```

B1 மாதத்துக்கு அரைத்துப் போடும் பாக்கெட். B2 விலை, B3 செலவு, B4 திரும்பி வருவது, B5 நிலைச் செலவு, B6 கையில் மிஞ்சுவது. 2,000 பாக்கெட் போட்டால் 6,000 ரூபாய்தான் நிற்கும். இனி Data மெனுவில் What-If Analysis, அதற்குள் Goal Seek. மூன்று பெட்டி வரும். Set cell என்பதில் B6, To value என்பதில் 20000, By changing cell என்பதில் B1. ஓகே கொடுத்தால் B1 இல் 3000 வந்து உட்காரும். ஒரு நாளைக்கு 100 பாக்கெட். லிப்ரே ஆபீஸ் வைத்திருப்பவர்களுக்கு இதே வசதி Tools மெனுவில் இருக்கிறது.

இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். B6 இல் சூத்திரம் இருக்க வேண்டும், B1 இல் வெறும் எண் இருக்க வேண்டும். மாறி இருந்தால் எக்செல் மறுத்துவிடும், அதனால் அது பரவாயில்லை. இன்னொன்றுக்கு எச்சரிக்கை எதுவும் வராது. Goal Seek கொடுத்த 3000 ஒரு செத்த எண். பிறகு B3 ஐ 24இலிருந்து 26 ஆக்கினால் லாபம் மாறும், 3000 அப்படியே இருக்கும். மறுபடி ஓட்டினால்தான் புதுப் பதில்.

இப்போது மூன்று நிலைமை. உளுந்து எப்போது ஏறும் என்று யாருக்கும் தெரியாது. ஒரு பாக்கெட்டில் 90 கிராம் உளுந்து என்றால், கிலோவுக்கு 30 ரூபாய் ஏறும்போது பாக்கெட் செலவு ஏறக்குறைய 3 ரூபாய் கூடும். வெயில் காலத்தில் மாவு சீக்கிரம் புளிக்கும், திரும்பி வருவதும் கூடும். அதனால் நல்ல நிலைக்கு செலவு 22, திரும்புவது 2%. எதிர்பார்க்கும் நிலைக்கு 24, 5%. மோசமான நிலைக்கு 27, 10%. விலை மூன்றிலும் 40தான்.

இதற்கு Scenario Manager இருக்கிறதே என்று தோன்றும். அதே What-If Analysis பட்டியலில்தான் இருக்கிறது. மூன்று நிலைமைக்கும் பெயர் வைத்து B3, B4 எண்களைச் சேமித்து, Summary என்று அழுத்தினால் அழகாக ஒரு தாள் வரும். 3,000 பாக்கெட்டுக்கு நல்ல நிலையில் 29,600, நடுவில் 20,000, மோசமான நிலையில் 5,000 என்று காட்டும். பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் அக்கா கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை. "ஒரே அளவு போட்டால் எவ்வளவு நிற்கும்" என்பதற்குத்தான் பதில். "20,000 நிற்க எவ்வளவு போட வேண்டும்" என்பதற்கு, ஒவ்வொரு நிலைமையையும் Show கொடுத்துக் கொண்டுவந்து, அங்கே தனியாக Goal Seek ஓட்ட வேண்டும். எனக்கு எளிதாகப் பட்டது, அதே கணக்கை B, C, D என்று மூன்று நெடுவரிசையில் வைத்து மூன்று தடவை ஓட்டுவது. பதில்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்.

நல்ல நிலையில் 2,442 பாக்கெட், நாளுக்கு 82. எதிர்பார்க்கும் நிலையில் 3,000, நாளுக்கு 100. மோசமான நிலையில் 4,667, நாளுக்கு 156. (பின்னத்தில் வருவதை எப்போதும் மேலே முழுமையாக்க வேண்டும், கீழே தள்ளினால் 20,000 நிற்காது.)

நான் இதோடு நிறுத்தவில்லை. கடைக்காரர்களிடம் பேசிப் பார்த்த கணக்கில் நாளுக்கு எத்தனை பாக்கெட் போட முடியும் என்று அக்காவிடம் மூன்று நிலைக்கும் தனித்தனியாகக் கேட்டேன். நன்றாகப் போனால் 130, சாதாரணமாக 110, மோசமாக இருந்தால் 80 என்றாள். இதை அந்த மூன்று பதிலுக்குக் கீழே எழுதியதும்தான் விஷயம் புரிந்தது. 82 தேவைப்படும் இடத்தில் 130 போகும். 156 தேவைப்படும் இடத்தில் 80தான் போகும். அதிகமாக விற்றே ஆக வேண்டிய காலம்தான் குறைவாக விற்கும் காலம். அந்த 80ஐ B1 இல் 2400 என்று போட்டுப் பார்த்தால் மைனஸ் 400. அதாவது மாதம் முழுக்க உழைத்து, கையிலிருந்து 400 ரூபாய் கொடுத்துவிட்டு வர வேண்டும்.

இன்னொரு பள்ளமும் இருக்கிறது. ஒரு ஆள், ஒரு கிரைண்டரை வைத்து நாளுக்கு 120 பாக்கெட்தான் முடியும், அதாவது மாதம் 3,600. அதற்கு மேல் போனால் இன்னொரு ஆள், இன்னொரு 10,000. B5 ஐ இப்படி மாற்ற வேண்டும்:

```
=22000+IF(B1>3600,10000,0)
```

மோசமான நிலையில் 156 என்பது உடனே 193 ஆகிவிடும். ஓட ஓட இலக்கும் கூடவே ஓடுகிறது. எதிர்பார்க்கும் நிலையில் நடப்பது இன்னும் வேடிக்கை. B1 இல் 2000 வைத்து ஓட்டினால் 3000 என்கிறது. 5000 வைத்து ஓட்டினால் 3714 என்கிறது. இரண்டும் சரி! 3,600 பாக்கெட்டில் 28,400 நிற்கும், இன்னும் ஒரே ஒரு பாக்கெட் போட்டால் புது ஆள் சம்பளம் சேர்ந்து 18,414 ஆகக் குறையும். அதனால் 20,000 என்ற இடத்தை லாபம் இரண்டு தடவை தொடுகிறது. Goal Seek தொடங்கிய எண்ணுக்குப் பக்கத்தில் கிடைத்ததைக் கொடுத்துவிட்டு நின்றுவிடும், இன்னொன்று இருக்கிறது என்று சொல்லாது. படிப்படியாக ஏறும் செலவு கணக்கில் இருந்தால், ஒரு சிறிய எண்ணிலும் ஒரு பெரிய எண்ணிலும் தொடங்கி இரண்டு தடவை ஓட்டிப் பாருங்கள். பதில் ஒத்துப்போகவில்லை என்றால் நடுவில் ஒரு படி இருக்கிறது என்று அர்த்தம்.

அக்காவிடம் மூன்று வரிசையையும் காட்டினேன். அவள் 156ஐ விட மைனஸ் 400ஐத்தான் ரொம்ப நேரம் பார்த்தாள். சம்பளமும் போய் அந்த 400ம் போனால் மாதம் 18,400 பள்ளம். கையில் இருப்பது 60,000. "மூணு மாசம் தாங்கும்" என்றாள். அவ்வளவுதான்.

எல்லாக் கெட்டதும் ஒரே மாதத்தில் சேர்ந்து வருமா என்பது வேறு கேள்வி. அதனால் எதிர்பார்க்கும் நிலையிலிருந்து ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தோம். செலவு மட்டும் 27 ஆனால் 3,000 என்பது 3,819 ஆகிறது, இது ஏற்கெனவே ஒரு ஆளின் எல்லையைத் தாண்டியாயிற்று. திரும்புவது மட்டும் 10% ஆனால் 3,500. உளுந்து விலை நம் கையில் இல்லை. திரும்பி வருவது ஓரளவு நம் கையில். ஆனால் இரண்டுமே இதுவரை வெறும் ஊகம்.

அதனால் அக்கா வேலையை விடவில்லை. சாயங்காலம் வீட்டுக் கிரைண்டரில் அரைத்து, தெருவில் இருக்கும் 4 கடைக்கு நாளுக்கு 25 பாக்கெட் மட்டும் போட்டாள். எல்லாவற்றையும் நோட்டில் எழுதினாள். மாதக் கடைசியில் செலவு 24.50, திரும்பியது 7%. அதைப் போட்டு ஓட்டியதில் 3,308, நாளுக்கு 111. அவள் போட முடியும் என்று சொன்னது 110!

நோட்டில் இன்னொன்றும் இருந்தது. திரும்பி வந்ததில் பாதிக்கு மேல் திங்கட்கிழமை. சனிக்கிழமையே எல்லோரும் மாவு வாங்கிவிடுவதால் ஞாயிறு போட்டது தேங்குகிறது. இந்த மாதம் ஞாயிற்றுக்கிழமைக்குப் பாதிதான் அரைக்கிறாள். 5 சதவீதத்துக்கு இறங்கினால் நாளுக்கு 104 போதும், 110க்குள் வந்துவிடும். இறங்கவில்லை என்றால் ஜவுளிக்கடைதான். இந்த மாதம் 30ஆம் தேதி நோட்டோடு வருவதாகச் சொல்லியிருக்கிறாள். B4 ஐ மாற்றி மறுபடி ஓட்ட வேண்டும்.